தையல் இப்போதே வேண்டுமா, அளந்து பார்த்துப் போடலாமா?

எனக்கு வயது 29. முதல் கர்ப்பம் 20-வது வாரத்தில் போய்விட்டது. அன்று மாலை அடிவயிறு கனமாக இருந்தது, தண்ணீர் மாதிரி வெள்ளைப்பட்டது, அவ்வளவுதான். வலி இல்லை. மருத்துவமனைக்குப் போனபோது, கர்ப்பப்பை வாய் திறந்து பனிக்குடம் இறங்கிவிட்டது என்றார்கள். இரவே குழந்தை வந்துவிட்டது. "அடுத்த முறை மூன்றாம் மாதமே தையல் போட்டுவிடலாம்" என்கிறார் ஒரு டாக்டர். "எடுத்த எடுப்பில் தையல் வேண்டாம், ஸ்கேனில் அளந்து பார்ப்போம்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? அன்றே தையல் போட்டிருந்தால் குழந்தை தங்கியிருக்குமா? மாடி ஏறி இறங்கியதால்தான் இப்படி ஆனது என்கிறார்கள் வீட்டில். அடுத்த முறை ஒன்பது மாதமும் படுத்தே இருக்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

முதலில் அந்த மாடிப்படியை விட்டுவிடுவோம். படி ஏறியதாலோ, குனிந்து நிமிர்ந்ததாலோ, ஒரு குடம் தண்ணீர் தூக்கியதாலோ கர்ப்பப்பை வாய் திறந்துகொள்ளாது. அப்படித் திறக்குமென்றால் வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குப் பிள்ளை தங்கியிருக்காது. வீட்டில் இதைச் சொல்பவர்களும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. காரணம் தெரியாத துக்கத்துக்கு ஏதாவது ஒரு காரணம் தேடுகிறார்கள். ஆனால் அந்தப் பழியை நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

கர்ப்பப்பையைச் சுருக்குப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்குப்பையின் கழுத்துப் பகுதிதான் கர்ப்பப்பை வாய். கர்ப்ப காலத்தின் நடுவில் இந்தக் கழுத்து மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கட்டைவிரலின் மேல்பாதி அளவு. கர்ப்பப்பையின் மற்ற பகுதி பெரும்பாலும் தசை. இந்தக் கழுத்தில் தசை குறைவு, நார்த்திசுதான் அதிகம். தசை இறுக்கிப் பிடித்து மூடுவதில்லை, நார் கெட்டியாக இருப்பதால் மூடியிருக்கிறது. பிரசவம் நெருங்கும்போது இந்த நார் இளகி, கழுத்து குட்டையாகி, பிறகு விரியும். சிலருக்கு இந்த இளகல் ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பப்பை சுருங்காமலே இது நடப்பதால் வலி தெரிவதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: திறப்பு உள்பக்கத்திலிருந்து வெளியே வருகிறது. உள்வாய் விரிந்து, பனிக்குடம் அந்தப் புனலுக்குள் இறங்கி, கடைசியாகத்தான் வெளிவாய் திறக்கும். அதனால் கையால் பரிசோதிக்கும்போது எல்லாம் மூடியிருப்பதாகத் தோன்றும், உள்ளே பாதிக் கழுத்து போயிருக்கும். நீங்கள் அன்று மாலை உணர்ந்த கனம், இந்தக் கதையின் கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள் உங்களுக்கு எந்த அறிகுறியையும் காட்டாமல் கழிந்திருக்கும்.

இனி உங்கள் கேள்வி. இரண்டு டாக்டர்களுமே புத்தகத்துக்கு விரோதமாக எதையும் சொல்லவில்லை. வலியில்லாமல் வாய் திறந்து ஒரு கர்ப்பம் போயிருந்தாலே அடுத்த கர்ப்பத்தில் தையல் போடுவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் வழிகாட்டுதல். பிரிட்டனில் இதேபோன்ற அமைப்பான ராயல் காலேஜ், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை இப்படிப் போயிருந்தால் மூன்றாம் மாதத்திலேயே தையல் போடச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு முறைதான் என்றால் அளந்து பாருங்கள் என்கிறது. நான் இரண்டாவது கட்சி. உங்கள் நிலையில் ஒருவர் என்னிடம் வந்தால் அளந்து பார்ப்பதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் இந்தக் கட்சி? வெளியே போன ஒரு கர்ப்பத்தை வைத்து, அது வாயின் பலவீனத்தால்தான் போனது என்று அடித்துச் சொல்வது கடினம். கிருமித் தொற்று உள்ளே நுழைந்தாலும் வாய் இளகித் திறக்கும். நஞ்சுக்கொடி பின்னால் கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் அது நடக்கலாம். இரண்டிலும் கடைசியில் நாம் பார்ப்பது ஒரே காட்சிதான்: திறந்த வாய், தொங்கும் பனிக்குடம். தையல் போட்டால் முதல் பிரச்சினைக்குப் பலன் கிடைக்கும், மற்ற இரண்டுக்கும் கிடைக்காது. 1993-ல் முடிவு வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், தையல் வேண்டுமா என்று டாக்டருக்கே சந்தேகமாக இருந்த 1,292 பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தையல் போட்டும் பாதிப் பேருக்குப் போடாமலும் பார்த்தார்கள். 33 வாரத்துக்கு முன் குழந்தை வந்துவிட்டவர்கள் தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 13 பேர், போடாதவர்களில் 17 பேர். அதாவது 25 பேருக்குத் தையல் போட்டால் ஒருவருக்கு அதனால் நேரடிப் பலன். மற்ற 24 பேரில் பெரும்பாலோர் தையல் இல்லாமலும் தாண்டியிருப்பார்கள். சிலருக்குத் தையல் இருந்தும் நிற்கவில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை இழந்தவர்களிடம் மட்டும் தையலின் பலன் பளிச்சென்று தெரிந்தது.

அந்த ஒருவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அளந்து பார்ப்பதன் வேலை. உங்களைப் போன்ற வரலாறு உள்ளவர்களை வரிசையாக ஸ்கேன் செய்துபார்த்தால், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வாய் குட்டையாவதே இல்லை. அவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டரும் வேண்டாம், முதுகு ஊசியும் வேண்டாம்.

நீங்கள் கர்ப்பமாவதற்கு முன்பே ஒரு வேலை செய்ய வேண்டும். முதல் கர்ப்பத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வாருங்கள். அதில் நான் தேடுவது நான்கு விஷயங்கள். மருத்துவமனைக்கு வந்தபோது வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது. பனிக்குடம் அப்போது உடையாமல் இருந்ததா. குழந்தைக்கு இதயத்துடிப்பு இருந்ததா. காய்ச்சலோ, வெள்ளணு எண்ணிக்கை கூடுதலோ இருந்ததா. வாய் நான்கு சென்டிமீட்டர், பனிக்குடம் உடையவில்லை, துடிப்பு இருந்தது, காய்ச்சல் இல்லை என்றால் பலவீனத்தின் பக்கம் என் சந்தேகம் சாயும். முதலில் தண்ணீர் உடைந்து அப்புறம்தான் வாய் திறந்தது என்றால், கதை வேறு. நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டும் வேண்டும். கூடவே, முன்பு எப்போதாவது கர்ப்பப்பை வாயில் சிறு ஆபரேஷன் நடந்ததா, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்துக்காகக் கூம்பு வடிவில் சதையை வெட்டி எடுத்தார்களா, டி அண்ட் சி எத்தனை முறை நடந்தது என்பதையும் கேட்பேன். கர்ப்பப்பை பிறவியிலேயே இரண்டு அறையாகப் பிரிந்திருக்கிறதா என்றும் ஒரு ஸ்கேனில் பார்த்துவிடலாம். பலருக்கு இவற்றில் எதுவுமே இருக்காது.

ஒரு எச்சரிக்கை. கர்ப்பம் இல்லாத நேரத்தில் வாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்து, "லூஸாக இருக்கிறது" என்று சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கர்ப்பம் இருக்கும்போது அந்த நார் எப்படி நடந்துகொள்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இப்போது நான் சொன்ன நிபந்தனைக்கு வருகிறேன். அளந்து பார்க்கிறோம் என்றால், சரியாக அளக்க வேண்டும், சொன்ன தேதியில் அளக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், மூன்றாம் மாதமே தையல் போடச் சொன்ன டாக்டர் சொல்வதே உங்களுக்கு நல்லது.

சரியாக அளப்பது என்றால், வயிற்றின் மேல் கருவி வைத்து அளப்பது இல்லை. வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது குழந்தையின் தலை மறைக்கும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது கர்ப்பப்பை வாயை அழுத்தி நீட்டிக் காட்டும். ஒருமுறை 19-வது வாரத்தில் ஒருவர் வேறு இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டோடு வந்தார். "வாயின் நீளம் 32 மில்லிமீட்டர், இயல்பு" என்று எழுதியிருந்தது. படத்தைப் பார்த்தால் மூலையில் பெரிய கறுப்பு வட்டம், அதாவது நிறைந்த சிறுநீர்ப்பை. எழுந்துபோய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, யோனி வழியாகப் பார்த்தேன். 21 மில்லிமீட்டர். நடுவே கழிந்தது பதினைந்து நிமிஷம்தான்.

யோனி வழி ஸ்கேன் என்றால் பலர் பயப்படுகிறார்கள், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று. ஆகாது. கருவி வாய்க்குள் போவதில்லை, வாய்க்கு முன்னாலேயே நிற்கிறது. சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். கருவியை அழுத்தாமல் வைக்க வேண்டும், அழுத்தினால் வாய் நீளமாகத் தெரியும். உள்வாய், வெளிவாய் இரண்டும் ஒரே படத்தில் தெரிய, இரண்டுக்கும் இடையே நேர்கோடு போட்டு, மூன்று தடவை அளந்து, அதில் மிகக் குறைந்த எண்ணை எழுதிக்கொள்கிறோம். சில சமயம் மூன்று நான்கு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், நம் கண் முன்னாலேயே உள்வாய் மெல்ல விரிந்து மூடுவதைக் காணலாம். அவசரமாக முப்பது வினாடியில் பார்த்து முடித்தால் அது தப்பிவிடும். ஸ்கேன் முடிந்ததும், "யோனி வழியாக அளந்தீர்களா, எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

தேதி விஷயம்: 16-வது வாரத்தில் தொடங்கி 24-வது வாரம் வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிந்திருக்காததால் வாய் எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 24-க்குப் பிறகு குழந்தை வெளியே வந்து பிழைக்கும் வாய்ப்பு தொடங்குவதால், கத்தியும் நூலும் எடுக்க மனசு வராது. அப்போது ஸ்டீராய்டு ஊசி போட்டு நுரையீரலைப் பலப்படுத்துவது போன்ற வேறு ஏற்பாடுகள். அளவு 25 முதல் 29 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் வாரம் ஒருமுறை. 25-க்குக் கீழே போனால் தையல் பற்றி அன்றே பேச வேண்டும், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளக் கூடாது.

இது எப்படி நடக்கும் என்பதற்கு ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவருக்கும் முதல் குழந்தை 21-வது வாரத்தில் போனது, ஏறத்தாழ உங்களைப் போலத்தான். இரண்டாம் கர்ப்பத்தில் 12-வது வார ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்தது. 16-வது வாரத்தில் வாய் 38 மில்லிமீட்டர். 18-வது வாரத்தில் 34. அவர் முகம் தெளிந்தது, "அப்படியென்றால் தையல் வேண்டாம்தானே டாக்டர்" என்றார். இன்னும் மூன்று ஸ்கேன் இருக்கிறது அம்மா, அவசரப்படாதீர்கள் என்றேன். 20-வது வாரத்தில் 27. இரண்டு வாரத்தில் ஏழு மில்லிமீட்டர் குறைந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரமே வரச் சொன்னேன். 21-வது வாரத்தில் 19 மில்லிமீட்டர், உள்வாய் ஆங்கில வி எழுத்துப் போல விரிந்து, பனிக்குடம் அதற்குள் எட்டிப் பார்த்தது. அவருக்கோ எந்த உணர்வும் இல்லை. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றார்.

உடனே தையல் போட்டுவிடவில்லை. முதலில் அவருக்குக் கர்ப்பப்பை சுருங்குகிறதா, ரத்தக்கசிவு இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன். எதுவும் இல்லை. வெளிவாயைப் பார்த்தேன், மூடியிருந்தது. ரத்தம், சிறுநீர், யோனித் திரவம் மூன்றும் பரிசோதனைக்குப் போயின. குழந்தையின் உறுப்புகளை அன்றே ஸ்கேனில் மறுபடி பார்த்தோம். பெரிய குறைபாடு இருந்தால் தையலுக்கு அர்த்தமில்லை. உள்ளே தொற்றோ, பனிக்குடம் உடைந்ததோ, பிரசவ வலியோ இருந்தால் தையல் போடவே கூடாது. அப்போது அது தாயின் உயிருக்கே ஆபத்து. எல்லாம் சரி என்பதால் மறுநாள் காலை தியேட்டர்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, அவர் விழித்தபடி படுத்திருந்தார். கர்ப்பப்பைக் கழுத்தைச் சுற்றி, உள்வாய்க்கு முடிந்தவரை நெருக்கமாக, நான்கைந்து இடத்தில் ஊசியை ஏற்றி இறக்கி ஒரே நூலை வட்டமாகக் கொண்டுவந்து, முன்பக்கத்தில் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்துக் கட்டுவதேதான். முடிச்சின் நுனிகளைக் கொஞ்சம் நீளமாக விட்டேன், பின்னால் பிரிக்கும்போது பிடிக்கச் சுலபம். மொத்தம் இருபது நிமிஷம். இதை 1957-ல் ஆஸ்திரேலியாவின் மெக்டொனால்ட் எழுதிவைத்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே மும்பையின் ஷிரோட்கர் இன்னொரு முறையை எழுதினார். சிறுநீர்ப்பையை மேலே தள்ளி, உள்வாய்க்கு இன்னும் நெருக்கமாகப் போடுவது. அது கொஞ்சம் கூடுதல் வேலை, பிரிப்பதற்கும் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும். இந்தத் தையலுக்கு முன்னோடிகளில் ஒருவர் நம் பக்கத்து மனிதர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எந்த நூல் என்று சிலர் கேட்பார்கள், பட்டையான நாடாவா, வழுவழுப்பான ஒற்றை இழையா என்று. 2022-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் இரண்டுக்கும் கர்ப்பம் தங்குவதில் வித்தியாசம் தெரியவில்லை. போடும் டாக்டருக்குக் கை பழகியது எதுவோ அதுவே நல்லது.

மறுநாள் வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் பழுப்பாகக் கறை பட்டது, அது எதிர்பார்த்ததுதான். இரவில் யோனியில் வைக்கும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டோம். தையலுக்கு மேல் இது கூடுதலாக எவ்வளவு உதவும் என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இதற்கு முன் குழந்தை தவறாத பெண்ணுக்கு ஸ்கேனில் எதேச்சையாக வாய் குட்டையாகத் தெரிந்தால், அங்கே தையலுக்கு முன் இந்த மாத்திரைதான் வரும். இரட்டைக் குழந்தை என்றால் வாய் குட்டை என்ற ஒரே காரணத்துக்காகத் தையல் போட நான் தயங்குவேன், அதில் கெடுதல் வரலாம் என்ற சந்தேகம் இருக்கிறது.

37-வது வாரம் தொடங்கியதும் அவரை ஓபிக்கு வரச் சொல்லி, மயக்க மருந்து எதுவும் இல்லாமல் முடிச்சைப் பிடித்து நூலை வெட்டி எடுத்தேன். "இன்றே வலி வந்துவிடுமா?" என்று பெட்டியோடு வந்திருந்தார். பெரும்பாலும் அப்படி வருவதில்லை, சராசரியாக இரண்டு வாரம் கழித்துத்தான். அவருக்குப் பன்னிரண்டாம் நாள் வலி வந்தது, சுகப்பிரசவம். தையல் போட்டதால் சிசேரியன்தான் என்று யாராவது சொன்னால், காரணம் கேளுங்கள். யோனி வழியாகப் போட்ட தையலுக்கு அது அவசியமில்லை.

இந்தத் தையலுக்குத் தீமையே இல்லையா என்றால், உண்டு. போடும்போதே பனிக்குடம் கிழியலாம், தொற்று வரலாம், கொஞ்சம் ரத்தம் போகலாம். திட்டமிட்டுப் போடும்போது இவை அரிது. பனிக்குடம் ஏற்கெனவே இறங்கிய பிறகு போடும்போது அதிகம். இன்னொரு விஷயத்தைப் பலர் கேட்பதில்லை: தையல் இருக்கும்போது பிரசவ வலி வந்து, யாரும் கவனிக்காமல் விட்டால், நூல் வாயைக் கிழித்துவிடும். அதனால் நூல் எந்த வகை, முடிச்சு எந்த இடத்தில், எத்தனை முடிச்சு என்று எழுதிய காகிதத்தை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். நடு இரவில் நீங்கள் போய்ச் சேரும் இடத்தில் உங்கள் டாக்டர் இல்லாமல் இருக்கலாம்.

அன்றே தையல் போட்டிருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடுவதுண்டு. பனிக்குடத்தை மெதுவாக மேலே தள்ளிவிட்டு, வாயை இழுத்துக் கட்டுவதை அவசரத் தையல் என்போம். அது பலித்தால் சராசரியாக ஐந்து வாரம் போலக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் வாய் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் திறந்திருந்தாலும், பனிக்குடம் வெளிவாயைத் தாண்டித் தொங்கினாலும் பலிக்காமல் போகும் வாய்ப்பு மிக அதிகம். பனிக்குடம் யோனியில் தொட்டுக்கொண்டிருக்கும் சில மணி நேரத்திலேயே கிருமி ஏறிவிடக்கூடும், தொற்றுக்கு மேல் தையல் போட்டால் தாய்க்கு ஆபத்து. அதனால்தான் பல டாக்டர்கள் சில மணி நேரம் காய்ச்சல், வலி ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பார்கள். உங்களுக்கு மாலையில் கனம், இரவில் பிரசவம். இடையே அந்த நேரமே கிடைக்கவில்லை. பொதுவாகப் பார்த்தால், வந்த அன்று ஒரு டாக்டர் செய்திருக்கக்கூடியது மிகக் குறைவு. குழந்தை தங்கியிருக்குமா என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. அங்கே இருந்தவர்கள் கை கட்டி நின்றார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

படுக்கைக்கு வருகிறேன். படுத்தே இருந்தால் கர்ப்பம் தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும், தசை வற்றும், மனசு கெடும், இதற்கெல்லாம் ஆதாரம் உண்டு. நான் என் நோயாளிகளுக்குச் சொல்வது: தையல் போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் ஓய்வு, பின்பு வழக்கமான வேலை. கனமான பொருளைத் தூக்குவதையும் மணிக்கணக்கில் நிற்பதையும் தவிர்க்கச் சொல்வேன், அது பெரும்பாலும் என் மன நிம்மதிக்குத்தான். உடலுறவு பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை; தையல் போட்ட பின்பு ஒரு வாரமாவது நிறுத்திவைக்கச் சொல்வேன். அதற்கப்பால் கட்டாயமாகத் தடை விதிக்கும் அளவுக்குச் சான்று இல்லை.

ஒருவேளை தையல் போட்டும் அது நிற்காமல், 28 வாரத்துக்கு முன்பே குழந்தை வந்துவிட்டால்? அதற்குப் பிறகு மறுபடி அதே இடத்தில் தையல் போடுவதில் எனக்கு விருப்பமில்லை. வயிற்றைத் திறந்தோ, லேப்ராஸ்கோப் வழியாகவோ, கர்ப்பப்பை வாயின் உச்சியில் நாடா கட்டும் முறை இருக்கிறது. இதைக் கர்ப்பமாகும் முன்போ, மூன்றாம் மாத வாக்கிலோ போடுவார்கள். யோனி வழித் தையல் பலிக்காதவர்களை வைத்து 2020-ல் வெளியான ஒரு ஆய்வில், 32 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் வயிற்று வழித் தையலில் நூற்றுக்கு 8 பேர்; மறுபடி யோனி வழியாகவே தையல் போட்டதில் 33 பேர். வித்தியாசம் அவ்வளவு. ஆனால் இதற்குப் பிரசவம் சிசேரியனில்தான், ஆபரேஷனும் பெரியது. ஒரே ஒருமுறை இழந்த உங்களுக்கு இப்போது இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, பெயர் மட்டும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த கர்ப்பத்தின் முதல் பரிசோதனை நாளிலேயே, 16, 18, 20, 22, 24 என்ற ஐந்து ஸ்கேன் தேதிகளையும் கேட்டு வாங்கி காலண்டரில் குறித்துவிடுங்கள். உங்கள் ஊரில் யோனி வழியாக அளக்கும் பழக்கம் இல்லை என்றாலோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வர வழியில்லை என்றாலோ, அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி, 12 முதல் 14 வாரத்துக்குள் தையலே போட்டுக்கொள்ளுங்கள். 12 வாரம் வரை ஏன் காக்க வேண்டும் என்றால், ஆரம்பத்தில் போகும் கர்ப்பங்கள் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறால் போகிறவை, அந்தக் கட்டத்தைத் தாண்டி, ஸ்கேனில் குழந்தை நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

எந்த வழியில் போனாலும், அடிவயிற்றில் அன்று இருந்த அந்தக் கனமோ, கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்வோ, வழக்கத்துக்கு மாறான தண்ணீர் போன்ற கசிவோ, ரத்தக் கறையோ மறுபடி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறதே என்றும் யோசிக்காதீர்கள். அந்த நேரத்திலேயே கிளம்பிவிடுங்கள், போகும் வழியில் உங்கள் டாக்டருக்கு ஒரு போன்.